மூன்று மூட்டு, ஒரு புள்ளி, நான்கு வழி

1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் யூனிமேட் என்ற இயந்திரக் கை வேலைக்குச் சேர்ந்தது. அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் பணி. அந்தக் கை எந்தக் கணக்கும் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. மனிதர் ஒருவர் அதை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திக் காட்டினார். அந்த நேரத்தில் மூட்டுகள் நின்ற அளவுகள் காந்த உருளை ஒன்றில் பதிந்தன. பிறகு கை அதையே திரும்பத் திரும்பச் செய்தது. எடுக்க வேண்டிய துண்டு சற்றுத் தள்ளிக் கிடந்தால், பழைய இடத்திலேயே போய் வெறும் காற்றைப் பிடிக்கும்.

இன்று ரோபோவுக்குக் கேமரா இருக்கிறது. பொருள் எங்கே இருக்கிறது என்று அது எண்களில் சொல்லிவிடும். ஆனால் மோட்டாருக்கு இடம் புரியாது. எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பது மட்டுமே புரியும். மூட்டுகளின் கோணங்கள் தெரிந்தால் கைநுனி எங்கே இருக்கும் என்று கணக்கிடுவது எளிது. கைநுனி போக வேண்டிய இடம் மட்டும் தெரிந்திருக்க, அதற்கான கோணங்களைத் தேடுவதுதான் சிக்கல். இதைத்தான் இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ், அதாவது நேர்மாறு இயக்கவியல் என்கிறார்கள். மூன்று மூட்டுள்ள கைக்கு இதைப் பள்ளிக் கணக்கை வைத்தே போட்டுவிடலாம்.

மேசைமேல் நிற்கும் ஒரு சிறிய கையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிமூட்டு, இடமும் வலமுமாகச் சுழலும். அதற்கு நேர்மேலே, மேசையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், மேலும் கீழும் அசையும் தோள்மூட்டு. தோளிலிருந்து 20 செ.மீ. நீளத்தில் மேற்கை, அதன் முனையில் முழங்கை மூட்டு, அங்கிருந்து 15 செ.மீ. நீளத்தில் முன்கை. அடிமூட்டு நிற்கும் இடமே கணக்கின் தொடக்கப் புள்ளி. கைநுனி தொட வேண்டிய இடம்: முன்னால் 12 செ.மீ., பக்கவாட்டில் 16 செ.மீ., மேசையிலிருந்து உயரம் 25 செ.மீ. அதாவது x = 12, y = 16, z = 25.

முதலில் அடிமூட்டு. மேலிருந்து பார்த்தால் கை எந்தத் திசையில் நீள வேண்டும் என்பதை x, y இரண்டும் சேர்ந்தே சொல்லிவிடுகின்றன. 16-ஐ 12-ஆல் வகுத்து, எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் அது என்று பார்த்தால் 53.13 டிகிரி வருகிறது. கை அந்தப் பக்கம் திரும்பியதும் முப்பரிமாணச் சிக்கல் முடிந்துவிடுகிறது. இனி எல்லாமே செங்குத்தாக நிற்கும் ஒரு தாளில் வரையக்கூடிய படம்தான்.

அந்தத் தாளில் இலக்கு எங்கே இருக்கிறது? கிடையாக எவ்வளவு தொலைவு என்பதைப் பிதாகரஸ் தேற்றம் தருகிறது: 12-இன் வர்க்கமும் 16-இன் வர்க்கமும் சேர்ந்து 400, அதன் வர்க்கமூலம் 20. உயரம் 25-லிருந்து தோளின் உயரம் 10-ஐக் கழித்தால் 15. ஆக, தோளிலிருந்து 20 செ.மீ. முன்னால், 15 செ.மீ. மேலே இலக்கு. தோளுக்கும் இலக்குக்கும் நேர்த்தொலைவு 25 செ.மீ.

இப்போது ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது. மேற்கை 20, முன்கை 15, நேர்த்தொலைவு 25. மூன்று பக்கமும் தெரிந்தால் கோணங்களைத் தருவது கொசைன் சூத்திரம். முழங்கையின் உட்கோணத்தை E என்று வைத்தால்:

```
cos E = (20² + 15² − 25²) / (2 × 20 × 15) = 0 / 600 = 0
```

E = 90 டிகிரி. மேற்கைக்கும் நேர்த்தொலைவுக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை இதே வழியில் போட்டால் 36.87 டிகிரி. அந்தக் கோடு கிடைமட்டத்திலிருந்து எழும் சாய்வும், நாம் எடுத்த எண்களின் பொருத்தத்தால், அதே 36.87 டிகிரிதான்.

இந்த இடத்தில் விடை இரண்டாகப் பிரிகிறது. முக்கோணத்தை அந்தக் கோட்டுக்கு மேலேயும் வரையலாம், கீழேயும் வரையலாம். கீழே வரைந்தால் தோளின் கோணம் 36.87-லிருந்து 36.87 போக 0. மேற்கை கிடையாக 20 செ.மீ. நீள்கிறது, முன்கை செங்குத்தாக 15 செ.மீ. எழுகிறது. மேலே வரைந்தால் இரண்டும் கூடித் தோள் 73.74 டிகிரி உயர்கிறது. முன்கை கிடைமட்டத்துக்குக் கீழே 16.26 டிகிரி சாய்கிறது. சரிபார்ப்போம். மேற்கை 5.6 செ.மீ. முன்னும் 19.2 செ.மீ. மேலும் போகிறது. முன்கை 14.4 செ.மீ. முன்னே போய் 4.2 செ.மீ. இறங்குகிறது. கூட்டினால் அதே 20, அதே 15. கோணம் கண்டதும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. பிழையான விடை கையை எங்கோ கொண்டுபோய் மோதும்.

அடிமூட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, கையைப் பின்னோக்கிச் சாய்த்தாலும் இதே புள்ளியைத் தொடலாம். அங்கும் முழங்கைக்கு இரண்டு நிலை. ஆக நான்கு விடைகள். எதைத் தேர்வது என்று முக்கோணம் சொல்லாது. மோட்டார் எவ்வளவு திரும்பும், முழங்கை மேசையில் இடிக்குமா, இப்போதிருக்கும் நிலைக்கு எது அருகில் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாதி வழியில் ஒரு விடையை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், நுனி ஒரே புள்ளியில் இருக்க வேண்டிய கை திடீரென்று வீசி அடிக்கும்.

நிரல் எழுதத் தொடங்குவோர் தடுமாறும் முதல் இடம் அடிமூட்டுதான். இலக்கு x = −12, y = −16 என்று முதுகுப்பக்கம் இருந்தாலும் 16/12 என்ற விகிதம் மாறாது. வெறும் `atan` அதே 53.13 டிகிரியைத் தரும். கை நேர் எதிர்த்திசையில் நீளும். `atan2(y, x)` இரண்டு குறிகளையும் தனித்தனியே பார்ப்பதால் −126.87 என்று சரியாகச் சொல்லும்.

இன்னொன்று, எட்டாத இலக்கு. இந்தக் கை தோளிலிருந்து அதிகம் போனால் 35 செ.மீ. எட்டும், 5 செ.மீ.க்குள் மடங்கி வர முடியாது. 40 செ.மீ. தொலைவைக் கொடுத்தால் cos E = −1.625 என்று வரும். எந்தக் கோணத்துக்கும் கொசைன் −1-க்குக் கீழே போகாது, ஆகவே அந்த எண்ணே ‘எட்டாது’ என்ற அறிவிப்பு. இதைச் சோதிக்காமல் விட்டால் C மொழி நிரலில் விடை `nan` ஆகும். அது மோட்டாருக்குப் போகும் முன் தடுப்பது நிரலாளரின் பொறுப்பு.

எல்லைக்குள் இருந்தாலும் எல்லா இடமும் ஒன்றல்ல. தொலைவு 25 செ.மீ.யிலிருந்து 1 மி.மீ. கூடும்போது முழங்கை ஏறக்குறைய அரை டிகிரி திரும்பினால் போதும். முழுக்க நீண்டு நிற்கும் 35 செ.மீ.யிலிருந்து 1 மி.மீ. பின்வாங்க, அது 8.75 டிகிரி மடங்க வேண்டும். நுனி சீரான வேகத்தில் நகர வேண்டுமென்றால் அங்கே மோட்டார் பாய வேண்டியிருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கை முழுதாக நீளாதபடி வேலையிடத்தை அருகில் அமைக்கிறார்கள்.

ஆலைகளில் உள்ள கைகளுக்குப் பெரும்பாலும் ஆறு மூட்டு. அடுத்தடுத்த மூன்று மூட்டுகளின் அச்சுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால், ஆறு மூட்டுக் கைக்கும் நேரடியாகக் கணக்கிட்டு விடை காணலாம் என்று 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் பைப்பர் காட்டினார். மணிக்கட்டை அப்படி அமைத்துவிட்டால், முதல் மூன்று மூட்டுகள் மணிக்கட்டை இடத்துக்குக் கொண்டுபோகும். மற்ற மூன்றும் கருவியைத் திருப்பும். பல கைகளில் அந்த முதல் மூன்றுக்கான கணக்கு, சிறு திருத்தங்களோடு, மேலே பார்த்த முக்கோணமே.

காகிதமும் கால்குலேட்டரும் அருகில் இருந்தால் x = 16, y = 12, z = 25 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். தோளும் முழங்கையும் அப்படியே இருக்கும். அடிமூட்டு மட்டும் 36.87 டிகிரிக்கு வரும்.