ஒரு வரியில் எத்தனை சொற்கள்?

கணினித் திரையில் நீண்ட கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு வந்தால், சற்றுமுன் படித்த வரியையே மறுபடி படிப்பது பாதியில்தான் உறைக்கிறது. சில நேரம் ஒரு வரியைத் தாண்டிக் கீழே போய்விடுகிறோம். தூக்கம் போதவில்லை, கவனம் இல்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் தவறு நம்முடையதல்ல, பக்கத்தை வடிவமைத்தவருடையது.

படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக நகர்ந்துகொண்டே போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது. 1870-களின் இறுதியில், பாரிசில் எமில் ழாவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இது கவனிக்கப்பட்டது. கண் ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும். நிற்கும் அந்த நேரத்தில்தான் எழுத்தைப் பார்க்கிறோம். பிறகு ஒரு சிறு தாவல். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒரு தாவல் சராசரியாக ஏழெட்டு எழுத்துத் தூரம். இப்படியே போய் வரி முடிந்ததும், வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்கு ஒரு பெரிய தாவல்.

சிக்கல் அந்தப் பெரிய தாவலில்தான். கண்ணின் நடுப்பகுதி மட்டுமே எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும். வரியின் கடைசியில் நிற்கும் கண்ணுக்கு அடுத்த வரியின் தொடக்கம் மங்கலாக, ஓரப்பார்வையில்தான் தெரியும். வரி நீள நீள இலக்கு எட்டிப்போகிறது. வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. தாவல் இலக்குக்கு முன்பே விழுந்தால் கண் இன்னொரு சிறு தாவல் போட்டுச் சரிசெய்துகொள்ளும். வரி மாறி விழுந்தால் படித்ததையே படிக்க வேண்டியதுதான். ஒரு பத்தியில் இது பெரிதாகத் தெரியாது, ஐம்பது பத்திகளில் களைப்பாகச் சேரும்.

அதற்காக வரியை மிகவும் குறுக்கிவிடவும் கூடாது. மேரி டைசனும் மார்க் ஹேசல்குரோவும் திரை வாசிப்பைப் பற்றி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வரிக்கு 55 எழுத்துகள் என்ற நடுத்தர நீளத்தில்தான் படித்தது நன்றாக மனத்தில் நின்றது. குறுகிய வரிகளைவிட அது வேகமாகவும் படிக்கப்பட்டது. அச்சுக்கலை பற்றி ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992-இல் எழுதிய நூல் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகளை ஏற்கிறது; 66 என்பது அவர் சிறப்பாகக் கருதும் எண். இணையப் பக்கம் வடிவமைக்கும் எவரும் இந்த 66-ஐ எங்காவது கேள்விப்பட்டிருப்பார்.

ஆனால் அந்த 66 ரோமன் எழுத்துக்கான கணக்கு. ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு, பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்து, ஆறு எழுத்து என்று வைத்தால் 66 எழுத்து என்பது பதினொரு சொல். ஆங்கில எழுத்தின் சராசரி அகலம் எழுத்தளவில் ஏறக்குறைய பாதி. 18 பிக்சல் அளவில் அச்சிட்டால் ஓர் எழுத்து ஒன்பது பிக்சல் இடம்பிடிக்கும், 66 எழுத்துக்கு 600 பிக்சல் போதும். தமிழில் ‘ர’ ஒடுங்கி நிற்கும், ‘ண’ கால்நீட்டி உட்காரும், ‘கொ’ மூன்று துண்டாக விரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தமிழ் எழுத்து ஏறக்குறைய முழு எழுத்தளவை எடுத்துக்கொள்கிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு இது கூடும், குறையும். அதாவது 66 தமிழ் எழுத்துகளை ஒரே வரியில் அடுக்கினால் வரி ஆங்கிலத்தைப்போல் இரு மடங்கு நீளமாகிவிடும்.

எழுத்தை எண்ணுவதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. ‘தமிழ்’ என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒருங்குறியில் அவை தனித்தனி இடம் பெற்றவை. மென்பொருள் சொல்லும் எழுத்து எண்ணிக்கையை நம்பி வரி நீளத்தை முடிவு செய்தால் கணக்குத் தப்பும்.

`ch` என்ற அலகும் இப்படித்தான் ஏமாற்றும். பல வடிவமைப்பாளர்கள் `max-width: 66ch` என்று எழுதிவிட்டு 66 எழுத்து வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். `ch` என்பது அந்த எழுத்துருவில் உள்ள சுழியத்தின் அகலம் மட்டுமே. ஆங்கில எழுத்தின் சராசரியைவிடச் சுழியம் அகலமானது, தமிழ் எழுத்தைவிடக் குறுகியது. ஆகவே 66ch அகலத்தில் ஆங்கில எழுத்துகள் எழுபதுக்கு மேல் நுழையும். தமிழ் எழுத்துகள் நாற்பதை ஒட்டி நிற்கும். எழுத்துருவை மாற்றினால் சுழியமும் மாறும், பத்தியின் அகலமும் மாறும்.

ஆகவே தமிழுக்கு எழுத்தை எண்ணுவதை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணுவதே மேல். தமிழ்ப் புத்தகங்களில் வழக்கமான டெம்மி அளவுப் பக்கத்தில் ஒரு வரிக்கு ஆறிலிருந்து எட்டுச் சொற்கள் வரும். பல தலைமுறை அச்சுக்கோப்பவர்கள் கண்ணால் அளந்து வந்து சேர்ந்த இடம் அது, நான் அதையே நம்புகிறேன். 18 பிக்சல் எழுத்தில் 36 மடங்கு அகலம், அதாவது 648 பிக்சல் வைத்தால், ஏறத்தாழ ஆறேழு சொற்கள் அமரும்.

எழுத்து 14 பிக்சல், பத்தி 1200 பிக்சல் அகலம், வரி உயரம் 1.3 என்று அமைந்த ஒரு செய்திப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவை இன்னும் நிறையவே இருக்கின்றன. அகலம் எழுத்தளவைப்போல் 86 மடங்கு. வரிக்குப் பதினைந்து சொல்லுக்குக் குறையாது. முதல் வேலையாக எழுத்தை 18 பிக்சலுக்கு ஏற்றி, பத்தியை 648-க்குக் குறுக்கிவிடலாம். இருபுறமும் வெள்ளையாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்து ஆசிரியர் குழுவில் யாராவது “இவ்வளவு இடம் வீணாகிறதே” என்பார். அவரைப் பத்து பத்தி படித்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத்தில் பெரும்பாலான சிற்றெழுத்துகள் குட்டையானவை. b, d, p போன்ற சிலவே மேலும் கீழும் நீளும். அதனால் 1.5 வைத்தாலே வரிகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். தமிழில் உடலெழுத்தே உயரமானது. அதற்கு மேல் புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் கொக்கியும், அதற்குக் கீழே ‘மூ’, ‘நூ’, ‘ஞு’ போன்றவற்றின் வாலும் வருகின்றன. மேல்வரியில் ‘நூல்’, அதன் நேர்கீழே ‘க்’ என்று வாய்த்தால் வாலும் புள்ளியும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். 1.3-இல் அது நெரிசல், 1.5-இல் பரவாயில்லை, 1.7-இல்தான் கண்ணுக்கு வழி கிடைக்கிறது. இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் உயர்நிலை விதியும் ஒன்றரைக்குக் குறையாத வரி இடைவெளியைக் கேட்கிறது. தமிழுக்கு அதைக் கீழெல்லையாகக் கொள்வதே சரி.

இந்த எண்ணை எழுதும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. `line-height: 1.7em` என்று அலகோடு எழுதினால், உலாவி அதை 30.6 பிக்சல் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்; உள்ளே இருக்கும் தலைப்புக்கும் அதே 30.6-தான் போகும். தலைப்பு எழுத்து 35 பிக்சல் என்றால் அதன் இரண்டாம் வரி முதல் வரியின்மேல் ஏறிவிடும். தமிழ்த் தலைப்புகள் கைப்பேசியில் இரண்டு மூன்று வரிக்கு மடங்குவது வழக்கம் என்பதால் இந்தக் கோளாறு உடனே கண்ணில் படும். அலகில்லாமல் வெறும் 1.7 என்று எழுதினால் அந்தந்த எழுத்தளவுக்குத் தனித்தனியாகப் பெருக்கிக்கொள்ளும்.

கைப்பேசியில் நிலைமை தலைகீழ். 360 பிக்சல் அகலத் திரையில் இருபக்க ஓரம் போக மிஞ்சுவது 328 பிக்சல்; 18 பிக்சல் எழுத்தில் மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. வரி குட்டையானதால் தாவல் தவறாது, வரி உயரத்தை 1.6-க்கு இறக்கலாம். ஆனால் ‘பயன்படுத்திக்கொள்ளவேண்டியிருந்தது’ போன்ற சொல் வந்தால் என்ன ஆகும்? பத்தொன்பது எழுத்து. ஒரு வரி முழுவதும் போதாமல் சொல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடும். `overflow-wrap: break-word` என்ற ஒரு வரி அதைத் தடுக்கும். நம் அச்சு மரபில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை வரி இறுதியில் உடைப்பது வழக்கம்தான், அதனால் உடைந்த சொல் தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தெரியாது.

இருபக்கமும் நேராக வெட்டியதுபோல் பத்தியை அமைக்கும் ஆசை பலருக்கு உண்டு. வரிக்கு மூன்று நீண்ட சொல் மட்டுமே இருக்கும்போது மிச்ச இடமெல்லாம் இரண்டே இடைவெளிகளில் கொட்டப்படும். பத்தி முழுவதும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்.

கடைசியாகத் தலைப்புகளின் அளவு. அடிப்படை எழுத்தை ஒரே விகிதத்தால் பெருக்கிக்கொண்டே போவது இன்றைய வழக்கம். 1.25 விகிதத்தில் 18, 22.5, 28, 35 என்று வரும். பொன் விகிதம் அழகு என்று 1.618-ஐ எடுத்தால் 18, 29, 47, 76. 47 பிக்சல் தலைப்பில் கைப்பேசித் திரை ஏழே எழுத்து கொள்ளும், ஒரு சொல்லுக்கு ஒரு வரி. தமிழுக்குப் பெரிய விகிதம் ஒத்துவராது. பெரிய திரைக்கு 1.25, கைப்பேசிக்கு 1.2-ஐ ஒட்டி என்பது என் தேர்வு. படக்குறிப்புக்காகக் கீழே இறங்கும்போதும் 15 பிக்சலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குக் கீழே மலிவான திரைகளில் புள்ளி தேய்ந்து, மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் ஒன்றாகத் தெரியத் தொடங்கும்.

சொன்னதெல்லாம் சேர்ந்தால் இவ்வளவுதான்:

```css
article {
  font-size: 1.125rem;
  line-height: 1.7;
  max-width: 36em;
  margin-inline: auto;
  overflow-wrap: break-word;
}
h1 {
  font-size: clamp(1.75rem, 1.25rem + 2vw, 2.2rem);
  line-height: 1.35;
}
```

18 பிக்சல் என்று நேராக எழுதாமல் `1.125rem` என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பார்வை குறைந்தவர்கள் தங்கள் உலாவியில் அடிப்படை எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். பிக்சலில் எழுதினால் அந்த விருப்பம் மதிக்கப்படாது, `rem`-இல் எழுதினால் அதற்கேற்பக் கட்டுரையும் வளரும். `clamp` என்பது தலைப்பைக் கைப்பேசியில் 28 பிக்சலிலும் பெரிய திரையில் 35-ஐ ஒட்டியும் நிறுத்தும்.

தளம் நடத்துபவர்கள் இதைச் செய்யும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி உலாவிகளில் வாசிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. கட்டுரைப் பக்கங்களில் முகவரிப் பட்டையை ஒட்டி அதற்கான குறி தோன்றும். கணினியில் ஃபயர்ஃபாக்ஸின் வாசிப்பு முறையில் எழுத்தளவு, பத்தி அகலம், வரி இடைவெளி மூன்றையும் நீங்களே மாற்றலாம். வரிக்கு ஏழு சொல் வரும்வரை அகலத்தைக் குறுக்கி, இடைவெளியை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.