பதிவும் அதன் நேரமும்

பஃபர் போன்ற ஷெட்யூல் கருவியில் ஒரு பதிவின் நேரத்தை இரண்டு விதமாக முடிவு செய்யலாம். தினமும் காலை 9, மாலை 6 என்று கணக்குக்கு நேரம் வகுத்து வைத்தால், Queue-வில் சேர்க்கும் பதிவு அடுத்த காலி நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அல்லது தேதியும் மணியும் கையால் குறிக்கலாம். என்றைக்கு வந்தாலும் பாதகமில்லாத புத்தக அறிமுகத்துக்கு முதல் வழி போதும். நிகழ்ச்சி அறிவிப்புக்கு இரண்டாவதுதான் சரி.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஓர் எழுத்தாளர் பதிப்பகத்தின் அரங்குக்கு வருகிறார். பயிற்சிக்கு வந்திருப்பவர் அறிவிப்பை அன்று காலை 11 மணிக்குக் குறிக்கிறார். ஆனால் கணக்கின் நேர மண்டலம் லண்டன் என்று கிடக்கிறது. அங்கே 11 மணி என்றால் இங்கே மாலை 4.30. அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தாம்பரத்திலிருந்து யார் கிளம்பி வர முடியும்? அதனால் எந்தப் பதிவையும் வைக்கும் முன்பு Posting Schedule பகுதியில் நேர மண்டலத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வைத்த பிறகு சரிபார்க்கும்போது, பதிவு Drafts-இல் தங்கிவிட்டதா என்பதே முதல் கேள்வி. அங்கே இருப்பது தானாக வெளியாகாது. அடுத்தது நீளம். எக்ஸ் தளத்தின் 280 எழுத்து வரம்பில் ‘தமிழ்’ என்பது மூன்றல்ல, ஐந்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஃபேஸ்புக்கில் சரியாக அமைந்த வாசகம் எக்ஸில் இடம் போதாமல் நிற்பது இதனால்தான்.

வைத்த பதிவின் நேரத்தை மாற்றுவதில்தான் அதிகம் தவறுகிறது. எழுத்தாளரின் வருகை ஞாயிறுக்குத் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலண்டரில் பதிவை இழுத்து ஞாயிறில் போட ஒரு நொடி போதும். உள்ளே இருக்கும் ‘சனிக்கிழமை’ அப்படியே இருக்கும். படத்தில் அச்சாகியிருக்கும் தேதியும் மாறாது. வெள்ளிக்கிழமைக்கு வைத்த ‘நாளை வருகிறார்’ என்ற நினைவூட்டல் வேறொரு பதிவு. அது பழைய நாளிலேயே வெளியாகி வாசகரை வீணாக வரவழைக்கும். ஆகவே எழுத்தாளரைப் பற்றிய பதிவுகளை எல்லாம் ஒன்றாகப் பார்த்த பிறகே நகர்த்த வேண்டும். ஒரே அறிவிப்பை மூன்று தளங்களுக்கு வைத்திருந்தால் அவை மூன்று தனிப் பதிவுகள். ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டும் கூடவே வராது.

குறித்த நேரம் கடந்ததும் Sent பகுதியில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, தளத்திலும் திறந்து பார்ப்பது நல்லது. கணக்கின் கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தால் இணைப்பு அறுந்து பதிவு பிழைச் செய்தியோடு நின்றிருக்கக்கூடும். கணக்கை மறுபடி இணைத்து, புது நேரம் குறிக்க வேண்டும். வெளியாகிவிட்ட பதிவைக் கருவியில் நகர்த்த வழியில்லை. தேதி தவறாக இருந்தால் தளத்துக்கே போய்த் திருத்த வேண்டும், அல்லது நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.