பத்து நாள் படிப்பும் லெவல் டூ கையெழுத்தும்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு மாணவர்களைக் குறிவைத்து நடத்தப்படும் குறுகிய காலப் படிப்புகளில் என்.டி.டி. முக்கியமானது. ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல் அதில் விரிசலோ உள்ளே ஓட்டையோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளுக்குத்தான் அந்தப் பெயர். கொதிகலன், எண்ணெய்க் குழாய், கப்பல், விமானம் என்று எங்கெல்லாம் வெல்டிங் பிரிந்தால் உயிர் போகுமோ அங்கெல்லாம் இந்தச் சோதனை உண்டு. பத்துப் பன்னிரண்டு நாள் வகுப்பு, ஐந்து சோதனை முறைகள், முடிவில் ஐந்து சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் ‘லெவல் டூ’ என்று பொன்னிற எழுத்து. வீட்டில் கடன் வாங்கிக்கூடப் பணம் கட்டுகிறார்கள்.

அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு திருச்சிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போகும் பையனிடம், தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. “எங்கே வேலை பார்த்தீங்க? எத்தனை மணி நேரம்?” எங்கும் பார்க்கவில்லை என்றால் அவர் பார்வையில் அந்தப் பையன் இன்னும் லெவல் டூ இல்லை, பயிற்சியாளர்தான். இதில் அவருடைய கறார் எதுவும் இல்லை. அவர் கடைப்பிடிக்க வேண்டிய விதி அப்படி இருக்கிறது.

வேலை உலகத்தில் மூன்று வகைத் தாள்கள் உண்டு. படிப்பை முடித்ததற்கான சான்றிதழ், இவர் வகுப்புக்கு வந்தார், பாடத்தைக் கேட்டார் என்று சொல்வது. அதற்குப் பயிற்சி நிலையம் பொறுப்பு. தகுதிச் சான்று, இந்த வேலையை இவர் சரியாகச் செய்வார் என்று சோதித்துப் பார்த்து ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது. அதற்குக் காலக்கெடு உண்டு. உரிமம் என்பது அரசு தரும் அனுமதி. அது இல்லாமல் அந்த வேலையைச் செய்தால் சட்டப்படி குற்றம். இந்த மூன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் தொழில்களில் என்.டி.டி.யும் ஒன்று.

முதலில், படிப்பதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடலாம். இந்த முறைகளில் எளிமையானது சாயச் சோதனை. பரப்பைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயத்தைத் தெளிக்க வேண்டும். பத்து நிமிடம்போல விட்டால் தலைமுடியைவிட மெல்லிய விரிசலுக்குள்ளும் சாயம் இறங்கிவிடும். பிறகு மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாகத் தெளித்தால், விரிசலுக்குள் இருக்கும் சாயம் மேலே ஏறி வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

தப்பு நடப்பது துடைக்கும் இடத்தில். கரைப்பானைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கரைப்பான் டப்பாவை எடுத்து நேரே பரப்பின் மேல் அடித்துவிடுவார்கள். பரப்பு பளிச்சென்று ஆகிவிடும். கூடவே விரிசலுக்குள் இருந்த சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். டெவலப்பர் தெளித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். ‘குறையில்லை’ என்று அறிக்கை எழுதப்படும். விரிசல் அங்கேயே இருக்கும். அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு இந்தத் தவறு தெரிய வழியே இல்லை. பக்கத்தில் நின்று கையைக் கவனித்தவருக்குத்தான் தெரியும்.

இதனால்தான் இந்தத் துறை வகுப்பு நேரத்தோடு வேலை நேரத்தையும் கணக்கில் எடுக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான பட்டறைகள் பின்பற்றுவது அமெரிக்க என்.டி.டி. சங்கத்தின் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற வழிகாட்டி. அல்ட்ராசோனிக் சோதனையில் லெவல் ஒன், லெவல் டூ இரண்டுக்கும் சேர்த்து அது பரிந்துரைக்கும் வகுப்பு 80 மணி நேரம். மேற்பார்வையில் செய்த வேலை 840 மணி நேரம். கல்வித் தகுதியைப் பொறுத்து வகுப்பு நேரம் சற்றுக் குறையலாம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 80 மணி நேரத்துக்கே பத்து நாள் ஆகிவிடும். அந்த ஒரு முறைக்கே முழுதாகப் பத்து நாள் வேண்டும் என்கிறபோது, ஐந்து முறைகளையும் பத்து நாளில் முடித்து லெவல் டூ தருவதாகச் சொல்வதை எப்படி ஏற்பது? 840 மணி நேர வேலை என்பது நூறு நாளுக்கு மேல். அதை எந்த வகுப்பறையிலும் கொடுக்க முடியாது. சாயச் சோதனைக்கு வகுப்பு 12 மணி நேரம் போதும். அதற்கும்கூட வேலை 210 மணி நேரம் கேட்கிறார்கள்.

இந்த நேரங்களை முடித்தவருக்கு மூன்று தேர்வுகள் உண்டு. ஒன்று பொதுத் தேர்வு: ஒலி அலை எப்படிப் போகிறது, சாயம் ஏன் ஏறுகிறது என்பது போன்ற அடிப்படை. இன்னொன்று செய்முறை. மூன்றாவது, அந்த நிறுவனத்துக்கே உரிய தேர்வு: அங்கே செய்யும் பொருள், அங்கே உள்ள கருவி, அவர்கள் எழுதி வைத்திருக்கும் செயல்முறை ஆகியவற்றிலிருந்து கேள்வி வரும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, மூன்றின் கூட்டுச் சராசரி 80 எடுக்க வேண்டும். கண் பரிசோதனை ஆண்டுதோறும் உண்டு.

அந்த மூன்றாவது தேர்வில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. இந்த வழிகாட்டியின்படி லெவல் டூ சான்று கொடுப்பவர் வேலை கொடுக்கும் முதலாளி. அமெரிக்கச் சங்கம் இதன்கீழ் யாருக்கும் லெவல் டூ கொடுப்பதில்லை. பயிற்சி நிலையமும் கொடுக்க முடியாது. தேர்வு நடத்த லெவல் த்ரீ தகுதி உள்ள நிபுணரை நிறுவனம் வெளியிலிருந்து அழைத்துக்கொள்ளலாம், ஆனால் பொறுப்பு நிறுவனத்துடையது. தன்னிடம் வேலையே பார்க்காத ஒரு மாணவனுக்குப் பயிற்சி நிலையம் லெவல் டூ என்று அச்சடித்துத் தந்தால், அதில் பொறுப்பேற்க முதலாளி என்று யாரும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்ததற்கான அத்தாட்சி என்ற அளவில்தான் அது செல்லும்.

வேலையை விட்டு விலகும் நாளில் அந்த லெவல் டூவும் முடிந்துவிடுகிறது. புதிய நிறுவனம் பழைய ஆவணங்களைப் பார்க்கும், ஆனால் தன் தேர்வை வைத்த பிறகே கையெழுத்திடும். பத்து வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இதைக் கேட்டு மனம் சுணங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அழுத்தக்கலம் செய்யும் இடத்தில் தடித்த தகட்டின் வெல்டிங்கைப் பார்த்துப் பழகியவருக்கு, வார்ப்படத்தில் திரையில் எழும் எதிரொலிகள் புதிதாக இருக்கும். எது குறை, எது வெறும் வடிவத்தின் பிரதிபலிப்பு என்று பிரிக்க அந்தப் பொருளோடு பழக வேண்டும்.

முதலாளிகள் இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்? அவர்களுக்கு மேலேயும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. ஒரு பட்டறையில் 40 வெல்டிங் இணைப்புகளை ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொருளை வாங்கும் நிறுவனத்தின் சார்பில் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வருகிறார். அவர் இணைப்புகளைப் பார்ப்பதற்கு முன் கையெழுத்திட்டவரின் கோப்பைக் கேட்பார். வகுப்பு நேரம், வேலை நேரக் குறிப்பு, மூன்று தேர்வுகளின் மதிப்பெண், இந்த ஆண்டின் கண் பரிசோதனை, முதலாளியின் கையெழுத்து. கோப்பில் பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் மட்டும் இருந்தால், அந்த 40 அறிக்கைகளையும் அவர் ஏற்கமாட்டார். வேலை நன்றாகவே நடந்திருக்கலாம். அதை நிரூபிக்க முடியாது. தகுதியுள்ள ஒருவரை வைத்து அத்தனையையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதற்குள் சிலவற்றுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், சுரண்ட வேண்டும். சில இணைப்புகள் வேறு பாகத்துக்குள் மறைந்திருக்கும். அனுப்ப வேண்டிய தேதி தள்ளிப்போகும். கொதிகலன், அழுத்தக்கலம் செய்வோர் பின்பற்றும் அமெரிக்க விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ.யின் ஐந்தாம் பகுதியே சோதிப்பவரின் தகுதியைக் கேட்கிறது. அதனால் ஆய்வாளரிடம் சலுகை கேட்கவும் முடியாது.

நிறுவனம் மாறினாலும் செல்லுபடியாகும் தகுதிச் சான்று வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஐ.எஸ்.ஓ. 9712 என்ற உலகத் தரத்தின்கீழ், முதலாளிக்கும் பயிற்சி நிலையத்துக்கும் சம்பந்தமில்லாத ஓர் அமைப்பு தேர்வு நடத்திச் சான்று தரும். ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கும் வேலை அனுபவத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும். சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய என்.டி.டி. சங்கம் போன்ற அமைப்புகளை அணுகி இதன் விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தச் சான்று கையில் இருந்தாலும், ‘இவர் எங்கள் வேலையைச் செய்யலாம்’ என்ற எழுத்து அனுமதியைக் கடைசியில் முதலாளிதான் தர வேண்டும்.

உரிமம் வருவது ரேடியோகிராஃபியில். வெல்டிங்கின் ஒரு பக்கம் ஃபிலிமை வைத்து, மறுபக்கத்திலிருந்து கதிரியக்கத்தைச் செலுத்தி எக்ஸ்ரே போலப் படம் எடுப்பார்கள். வயலில் குழாய் போடும் இடங்களில் இதற்குப் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற தனிமத்துண்டு பயன்படுகிறது. கனமான கவசப் பெட்டிக்குள் இருக்கும் அதைக் கேபிள் வழியாக வெளியே தள்ளி, படம் எடுத்ததும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சில நேரம் துண்டு வழியில் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, சத்தமில்லை. ஒவ்வொரு முறையும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்தபடி பெட்டியை நெருங்கினால்தான் தெரியும். பாதிப்பு படம் எடுப்பவரோடு நிற்காது; பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கும் சேரும். அதனால்தான் அரசு நேரடியாக உள்ளே வருகிறது.

இந்தியாவில் இதைக் கவனிப்பது 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2004-ஆம் ஆண்டின் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனம் அதனிடம் உரிமம் பெற வேண்டும். வாரியம் ஒப்புக்கொண்ட கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். கருவியை இயக்குபவர் வாரியம் ஏற்ற பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். உடலில் பட்ட கதிரியக்கத்தை அளக்கும் பேட்ஜ் அவர் சட்டையில் இருக்க வேண்டும். ரேடியோகிராஃபியில் லெவல் டூ வாங்கிய ஒருவர் ஃபிலிமைப் படித்து முடிவு சொல்லலாம். அந்த ஒரு தகுதியை வைத்து இரிடியம் பெட்டியைத் தொட அவருக்கு உரிமை இல்லை. இங்கே தவறான ஆளை வைத்தால் அறிக்கை மட்டும் செல்லாமல் போகாது, நிறுவனத்தின் உரிமமே போய்விடக்கூடும்.

இதையெல்லாம் சொல்வதால் குறுகிய காலப் படிப்பு வீண் என்று ஆகாது. வகுப்பு நேரம் எங்காவது தொடங்கத்தான் வேண்டும். பட்டறைக்காரரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். அதற்கு அந்தத் தாளில் சில விவரங்கள் இருந்தாக வேண்டும். எந்த முறைக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பாடத்திட்டம், என்ன மதிப்பெண், நடத்திய லெவல் த்ரீ நிபுணர் யார் என்பவை அவை. பணம் கட்டுவதற்கு முன் பழைய சான்றிதழ் ஒன்றின் மாதிரியைக் காட்டச் சொன்னால் இது தெரிந்துவிடும். மணிக்கணக்கே இல்லாமல் ‘லெவல் டூ’ என்று மட்டும் இருந்தால் வேறு நிலையத்தைப் பார்க்கலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு, முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். தேதி, சோதனை முறை, என்ன பொருள், எத்தனை மணி நேரம், மேற்பார்த்தவர் பெயர், அவருடைய கையெழுத்து. கையெழுத்தை வாரம் ஒருமுறையாவது வாங்கிவிட வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். விலகும்போது நிறுவனம் தரும் அனுபவக் கடிதத்தில் ‘இரண்டு ஆண்டு பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. அல்ட்ராசோனிக் இவ்வளவு மணி நேரம், சாயச் சோதனை இவ்வளவு என்று முறைவாரியாகப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். தேர்வு மதிப்பெண்களின் நகலையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.