பங்கு ஈவுக்கு முன்னால் வரும் மூன்று வரிகள்

கூட்டுறவுப் பட்டயப் படிப்புக்கு மாலை வகுப்பு எடுத்த நாட்களில், இறுதிக் கணக்குப் பாடம் வந்தால் ஒரு கணக்கையே திரும்பத் திரும்பப் போட வைப்பேன். விடைத்தாள்களில் கூட்டல் தவறு அபூர்வம். பங்கு ஈவு கொடுக்கும் இடத்தில்தான் தடுமாறுவார்கள். கம்பெனிக் கணக்குப் பழக்கத்தில் லாபத்தைப் பார்த்ததும் பங்குதாரரிடம் ஓடிவிடுவார்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ லாபத்தில் முதல் உரிமை உறுப்பினருக்கு இல்லை, சட்டம் சொல்லும் நிதிகளுக்கே. அவற்றுக்குப் போக மீதி இருந்தால்தான் உறுப்பினருக்கு வரும்.

கணக்கு இதுதான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உறுப்பினர்களைக் கொண்ட ஒரு பணியாளர் சிக்கன நாணயச் சங்கம். இரண்டு இடங்களிலும் உறுப்பினர் இருப்பதால் 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஏப்ரல் 1-இல் பங்கு மூலதனம் 20 லட்சம் ரூபாய். அக்டோபர் 1-இல் புதிய உறுப்பினர்களிடமிருந்து மேலும் 4 லட்சம் வந்தது. மார்ச் 31-இல் ஏட்டின்படி லாபம் 6,40,000. நிர்வாகக் குழு 10 சதவீதம் பங்கு ஈவு பரிந்துரைக்கிறது. கேள்வியின் அடியில் இரண்டு குறிப்புகள்: மார்ச் மாதச் சம்பளம் 30,000 இன்னும் கொடுக்கப்படவில்லை, வரவில் சேர்த்த வட்டியில் 1,10,000 தவணை தவறிய கடன்களுக்கானது, வசூலாகவில்லை.

சம்பளத்தை எல்லோரும் கழித்துவிடுவார்கள். வட்டியைத்தான் பாதிப் பேர் தொடாமல் விடுவார்கள். ‘வட்டி சேர்ந்துவிட்டது, வரவேண்டியதுதானே’ என்பது அவர்கள் வாதம். கடன் வாங்கியவர் அசலையே கட்டாமல் இருக்கும்போது அவர் கணக்கில் ஏறும் வட்டி காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம். அதை லாபம் என்று எண்ணினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். இப்போது இரண்டையும் கழிப்போம். நிகர லாபம் 5,00,000.

இனி சட்டத்தின் மூன்று வரிகள். 63-ஆம் பிரிவு சொல்வது: நிகர லாபத்தில் குறைந்தது 25 சதவீதம் காப்பு நிதிக்கு, ஒரு சதவீதம் மத்திய அரசு பராமரிக்கும் கூட்டுறவுக் கல்வி நிதிக்கு, குறைந்தது 10 சதவீதம் எதிர்பாராத நட்டத்தைத் தாங்கும் நிதிக்கு. ஆக 1,25,000, 5,000, 50,000. மொத்தம் 1,80,000. மூன்று சதவீதமும் அதே 5 லட்சத்தின் மேல்தான். முதலில் காப்பு நிதியைக் கழித்துவிட்டு, மிச்சமான 3,75,000-க்கு ஒரு சதவீதம் போட்டு 3,750 என்று எழுதுவது வழக்கமான பிழை.

2023 திருத்தத்தில் நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு லாபம் கண்ட சங்கங்கள், நலிந்த சங்கங்களை மீட்கும் நிதிக்கு ஒரு கோடி ரூபாயோ லாபத்தில் ஒரு சதவீதமோ, எது குறைவோ அதைத் தர வேண்டும். நம் சங்கம் முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒன்றில் நட்டம் கண்டு, அதை ஈடுகட்டிவிட்டது என்று வைத்துக்கொண்டதால் அந்த வரி இங்கே வராது.

காப்பு நிதிக்குக் கால் பங்கு என்பது நேற்று வந்த விதியல்ல. 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே, நிகர லாபத்தில் கால் பங்கையாவது காப்பு நிதிக்குக் கொண்டுபோன பிறகே ஈவு கொடுக்கலாம் என்று இருந்தது. அதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. உறுப்பினர் விலகும்போது தன் பங்குத் தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட முடியும். அதனால் பங்கு மூலதனம் சங்கத்துக்கு நிலையான அடித்தளம் அல்ல. யாரும் எடுத்துச் செல்ல முடியாத, யார் பேரிலும் இல்லாத பணம் என்று சங்கத்திடம் இருப்பது காப்பு நிதிதான். ஊர்ப் பொதுக் குளம் மாதிரி, அது எல்லோருக்கும் சொந்தம், ஒருவருக்கும் பங்கு பிரித்துத் தர முடியாது.

மீதி 3,20,000. இப்போதுதான் பங்கு ஈவு. 10 சதவீதம் என்பது எதில்? லாபத்தில் அல்ல, செலுத்திய பங்கு மூலதனத்தில். ஐந்து லட்சத்தில் பத்து சதவீதம் 50,000 என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 24 லட்சத்தில் 2,40,000 என்று எழுதியவர்கள் கொஞ்சம் நெருங்கிவிட்டார்கள். அக்டோபரில் வந்த 4 லட்சம் ஆறு மாதம்தான் சங்கத்தில் வேலை செய்தது. துணை விதி காலத்துக்கேற்ற ஈவு என்று சொன்னால் அதற்கு 20,000 மட்டுமே. பழைய 20 லட்சத்துக்கு 2,00,000. ஆக 2,20,000. விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 20 சதவீதம், நாம் அதற்குள்தான் இருக்கிறோம்.

கையில் இருப்பது 1,00,000. நன்கொடை என்றால் நிகர லாபத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 25,000 வரை இடம் இருக்க, 20,000 கொடுக்கலாம். பணியாளர்களுக்குக் கருணைத் தொகை 20,000, கட்டட நிதிக்கு 50,000, அடுத்த ஆண்டுக்கு 10,000. கணக்கு முடிந்தது.

இப்போது அந்த வசூலாகாத வட்டிக்கு வருவோம். இரண்டு குறிப்புகளையும் கழிக்காமல் 6,40,000-ஐ அப்படியே வைத்துப் போட்டால் மூன்று நிதிகளுக்கும் 2,30,400 போக 4,09,600 மிஞ்சும். 18 சதவீத ஈவு கொடுக்கலாம் போலத் தெரியும். கொடுத்தால் 3,96,000 வெளியே போகும். உண்மையில் கொடுக்கத்தக்கதாக இருந்தது 3,20,000. வித்தியாசம் 76,000. அந்தப் பணம் லாபத்திலிருந்து வரவில்லை. உறுப்பினர்கள் நம்பிப் போட்ட வைப்புத் தொகையிலிருந்துதான் போயிருக்கும். ஆண்டறிக்கையில் இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் ‘வரவேண்டிய வட்டி’ ஆண்டுக்காண்டு ஏறுகிறதா, தவணை தவறிய கடனும் கூடவே ஏறுகிறதா, ஈவு விகிதமும் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். மூன்றும் சேர்ந்து வந்தால் செயலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

ஐந்தொகையைப் பற்றி இன்னொன்று. மார்ச் 31 தேதியிட்ட ஐந்தொகையில் 2,20,000-ஐக் ‘கொடுக்க வேண்டிய ஈவு’ என்று பொறுப்புப் பக்கத்தில் எழுதக் கூடாது. அன்று அது நிர்வாகக் குழுவின் பரிந்துரை மட்டுமே. பொதுப் பேரவை கூடி ஏற்ற பிறகுதான் கடனாகிறது. அதனால் நிகர லாபம் 5,00,000 முழுசாக ஐந்தொகையில் நிற்கும். பகிர்ந்தளிக்கும் பதிவுகள் அடுத்த ஆண்டு ஏட்டில் வரும். ‘லாபப் பகிர்வையும் காட்டுக’ என்று கேள்வி வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் தனியாக ஒரு பகிர்வுக் கணக்கு போடுங்கள். மாநிலச் சங்கம் என்று கேள்வி சொன்னால் சதவீதங்களே மாறும். தமிழ்நாட்டுச் சங்கத்துக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ஆகவே முதலில் சட்டத்தின் பெயரைப் படியுங்கள்.

ஒரு சங்கத்தின் பேரவையில் நான் உட்கார்ந்திருந்தபோது, அக்டோபரில் சேர்ந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “பத்தாயிரம் பங்கு போட்டிருக்கேன் தம்பி, பத்து பர்சன்ட்னா ஆயிரம்தானே, எனக்கு மட்டும் ஏன் ஐநூறு?” செயலாளர் அவருடைய பங்கு ரசீதை வாங்கி, தேதி இருந்த மூலையில் விரலை வைத்துக் காட்டினார். “உங்க பணம் இங்க வந்து ஆறு மாசம்தான்மா ஆகுது. அடுத்த வருஷம் முழுசா வரும்.” அவர் தேதியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.