யூக்ளிடின் பட்டியலும் கூடுதலாக ஓர் ஒன்றும்

1-ஐவிடப் பெரியதாகவும், 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததாகவும் உள்ள இயல் எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13 என்று தொடங்கும் இவை, மேலே போகப்போக அருகிவருகின்றன. முதல் நூறு எண்களுக்குள் 25 பகா எண்கள் உள்ளன. 900-க்கும் 1000-க்கும் இடையே 14 மட்டுமே. அப்படியானால் ஏதோ ஓரிடத்தில் இவை தீர்ந்துபோக வேண்டாமா? தீராது என்று கி.மு. 300-ஐ ஒட்டி யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில், 20ஆம் தேற்றமாக நிறுவினார்.

இன்று வகுப்பறைகளில் அந்த நிறுவல் பெரும்பாலும் முரண்பாட்டு முறையில் சொல்லப்படுகிறது. பகா எண்கள் முடிவுள்ளவை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஒரு பட்டியலில் எழுதிவிடலாம். பட்டியலில் உள்ளவற்றையெல்லாம் பெருக்கி, வரும் பெருக்கற்பலனோடு 1-ஐக் கூட்டிக் கிடைப்பது N. பட்டியலில் உள்ள எந்த எண்ணால் N-ஐ வகுத்தாலும் மீதி 1 வரும். ஆனால் 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் ஒரு பகாக் காரணியாவது இருந்தே தீரும்: அதன் வகுத்திகளில் 1-ஐ விட்டுவிட்டு மிகச் சிறியதை எடுத்தால், அது பகா எண்ணாகத்தான் இருக்க முடியும். ஆகவே N-க்கும் ஒரு பகாக் காரணி உண்டு. அது பட்டியலில் இல்லை. முழுமையானது என்று எடுத்துக்கொண்ட பட்டியல் முழுமையானதல்ல என்று வருவதால், தொடக்க அனுமானம் பொய்.

இதைப் படிப்பவர்கள் அடிக்கடி சறுக்குமிடம் ஒன்று உண்டு. பகா எண்களைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் பகா எண் கிடைக்கும் என்று நினைத்துவிடுவார்கள். தொடக்கக் கணக்குகளும் அதற்கு உடந்தை. 2 + 1 = 3; 2 × 3 + 1 = 7; அடுத்தடுத்து 31, 211, 2311. எல்லாமே பகா எண்கள். ஆறாவது படியில்தான் குட்டு வெளிப்படும்:

2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031 = 59 × 509

30031 பகு எண். ஆனால் நிறுவலுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. 59, 509 இரண்டும் பகா எண்கள். இரண்டும் பட்டியலில் இல்லாதவை. N பகா எண் என்று நிறுவல் கோரவில்லை. அதன் பகாக் காரணி புதியது என்பதே போதும்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. சில நூல்கள், ‘பட்டியலில் உள்ள எதனாலும் N வகுபடவில்லை, ஆகவே N பகா எண்’ என்று எழுதுகின்றன. முரண்பாட்டு நிறுவலுக்குள் அந்த வரி சரியே. பட்டியலில் எல்லாப் பகா எண்களும் உள்ளன என்ற அனுமானம் அங்கே நடைமுறையில் இருப்பதால், அவற்றால் வகுபடாத எண் வேறு எதனாலும் வகுபடாது. ஆனால் அனுமானம் பொய் என்று முடிவானதும், அதைச் சார்ந்து நின்ற அந்த வரியும் ஆதாரமிழக்கிறது. அதை மட்டும் வெளியே எடுத்துவந்து தனித் தேற்றமாக்குவதுதான் பிழை.

யூக்ளிடே முரண்பாட்டு முறையில்தான் நிறுவினார் என்பதும் பரவலான எண்ணம். கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டியும் 1940இல் வெளியான தம் நூலில் அப்படித்தான் எழுதினார். மூலத்தில் இருப்பது வேறு. கொடுக்கப்பட்ட எந்தத் தொகுதியைவிடவும் பகா எண்கள் அதிகம் என்பதே யூக்ளிடின் கூற்று. எல்லாப் பகா எண்களும் கையில் இருப்பதாக அவர் அனுமானிக்கவில்லை. மூன்றை எடுத்து, நான்காவது ஒன்று உண்டென்று காட்டுகிறார். புதிய காரணி அந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் அது 1-ஐயும் வகுக்க வேண்டிவரும் என்ற சிறு இடத்தில் மட்டுமே முரண்பாடு தலைகாட்டுகிறது.

அவர் வழியில் பார்த்தால், பட்டியல் 2-இலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 3, 5 ஆகிய இரண்டை மட்டும் எடுத்தால் 3 × 5 + 1 = 16; புதிதாகக் கிடைப்பது 2, இருப்பவற்றைவிடச் சிறியது. 2, 3, 5-ஐ எடுத்தால் 31 வருகிறது. நடுவில் 7 முதல் 29 வரையிலான ஏழு பகா எண்கள் விடுபடுகின்றன. அடுத்த பகா எண் எது என்று கண்டுபிடிக்க இந்த முறை உதவாது.

30031-க்குப் பிறகும் 17, 19, 23, 29 வரை பெருக்கி 1-ஐக் கூட்டினால் பகு எண்களே வருகின்றன. 31 வரை பெருக்கும்போது கிடைக்கும் 200560490131 மீண்டும் பகா எண். முதல் சில பகா எண்களின் பெருக்கற்பலனோடு 1-ஐக் கூட்டி வரும் எண்களில் எண்ணற்றவை பகா எண்களா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. யூக்ளிடின் நிறுவல் அதைத் தொடுவதே இல்லை.