அறிக்கைக்கு முன் ஒரு மதிப்பெண் அட்டை

தரவுத் தர மதிப்பெண் அட்டை என்பது ஓர் அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை இடம் காலி, எத்தனை பதிவு இரட்டிப்பு, எத்தனை செல்லாதவை என்று எண்ணி வைக்கும் சிறு பட்டியல். அறிக்கை வெளியாகும் முன் இது தயாராகிறது. எண்ணிக்கையைப் பார்த்து அறிக்கையை விடலாமா, நிறுத்தலாமா என்று முடிவாகிறது.

உதாரணத்துக்கு, பல ஊர்களில் நடந்த மருத்துவ முகாம்களின் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றியிருப்பதாகக் கொள்ளலாம். மொத்தம் 2,000 பதிவுகள். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், எந்த வயதினர் எத்தனை பேர் என்பதே அறிக்கை சொல்ல வேண்டியது. அதன் அட்டை இப்படி இருக்கும்:

| நெடுவரிசை | காலி | இரட்டிப்பு | செல்லாதவை |
|---|---|---|---|
| பதிவு எண் | 0 | 12 | 0 |
| பிறந்த தேதி | 80 | – | 96 |
| கைபேசி எண் | 150 | – | 74 |
| பின்கோடு | 0 | – | 40 |

காலி இடத்தை எண்ணுவது எளிதாகத் தோன்றும், ஏமாற்றுவதும் அதுதான். COUNTBLANK கைபேசி நெடுவரிசையில் 90 என்றுதான் காட்டியது. மீதி 60 கட்டங்களில் இடைவெளியோ, ஒரு சிறு கோடோ, ‘இல்லை’ என்ற சொல்லோ இருந்தது. கணினிக்கு அவை நிரம்பிய கட்டங்கள். இவற்றையெல்லாம் முதலில் காலியாக மாற்றிவிட்டே எண்ண வேண்டும்.

இரட்டிப்பு எல்லா நெடுவரிசைக்கும் குற்றமல்ல. ஒரே பின்கோட்டில் நூறு பேர் இருப்பார்கள். ஒரு வீட்டில் நால்வருக்கு ஒரே கைபேசி இருக்கும். அட்டையில் சிறு கோடு போட்டிருப்பது அதனால்தான். பதிவு எண் மட்டும் ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும். 12 எண்கள் இரண்டிரண்டு முறை வந்தால் சிக்கிய பதிவுகள் 24, மிகையானவை 12. அட்டை எதைச் சொல்கிறது என்பதை முன்பே தீர்மானிக்காவிட்டால் இருவர் எண்ணினால் இரண்டு விடை வரும்.

செல்லாதது எது என்பதை நெடுவரிசையின் விதி சொல்லும். இந்தியக் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. பின்கோட்டுக்கு ஆறு இலக்கம், பூஜ்யத்தில் தொடங்காது. பிறந்த தேதி முகாம் நாளுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. காலி இடத்தை மொத்தப் பதிவுகளோடும், செல்லாததை நிரம்பிய கட்டங்களோடும் ஒப்பிடுவது முறை. பிறந்த தேதியில் காலி 2,000-ல் 80, அதாவது 4%. செல்லாதது 1,920-ல் 96, அதாவது 5%.

நான்கு நெடுவரிசைகளையும் சேர்த்தால் 8,000 கட்டங்களில் 452 பிழை, 94% சரி. இந்த ஒற்றை எண்ணை நம்பினால் அறிக்கை கிளம்பிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் கதை வேறு. அதிகப் பிழை கைபேசியில்தான், ஆனால் இந்த அறிக்கைக்குக் கைபேசி தேவையே இல்லை. பிறந்த தேதியிலோ 176 பேரை எந்த வயதிலும் சேர்க்க முடியாது. அது 8.8%. வயதுக்கு 3% என்றும், பதிவு எண்ணுக்குப் பூஜ்யம் என்றும் வரம்பு முன்கூட்டியே குறித்திருந்தால் அறிக்கை நின்றுவிடும். வரம்பை எண்ணியபின் வைத்தால், வந்த எண்ணுக்கேற்ப அது வளைந்துகொடுக்கும்.

செல்லாத 96 தேதிகளை முகாம்வாரியாகப் பிரித்தபோது 70 ஒரே ஊரில் விழுந்தன. அங்கிருந்த கணினியில் தேதி அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருமாறு இருந்தது. 25-03-1985 என்று அடித்தால் 25-ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதே அடையாளம். ஆனால் 05-03-1985, மே 3 ஆகிவிடும். அது செல்லும் தேதி, அட்டையில் சிக்காது. நாளும் மாதமும் அமையும் கணக்கில் பார்த்தால் 70 எழுத்துத் தேதிகளுக்குப் பின்னால் சுமார் 40 தேதிகள் சத்தமில்லாமல் இடம் மாறியிருக்கும். ஆண்டு மாறாததால் வயதில் ஒன்றுதான் கூடும் அல்லது குறையும். ஆனாலும் வயதுப் பிரிவின் எல்லையில் இருப்பவர் பக்கம் மாறக்கூடும். ஆகவே அந்த ஊரின் எல்லாத் தேதிகளையும் காகிதப் படிவத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும்.

அப்படிச் செய்தபோது அந்த 70 சரியாயின. மற்ற ஊர்ப் படிவங்களில் தேடியதில் 50 காலி இடங்களும் நிரம்பின. பெயரோடு ஒப்பிட்டதில் மிகையான 12 பதிவுகளில் 9 ஒரே ஆளின் மறுபதிவு. 3 வேறு ஆட்களுக்குத் தவறிப் போட்ட எண். 9 நீங்கின, மூவருக்குப் புது எண் கிடைத்தது. மீதி 1,991 பேரில் வயது தெரியாதவர்கள் 56, அதாவது 2.8%. அறிக்கை வெளியாகலாம், அந்த 56 பேர் ‘வயது தெரியாதவர்’ என்ற தனி வரியில் இருக்க வேண்டும்.

அட்டை பிடிக்காத பிழையும் உண்டு. வயது மட்டும் தெரிந்தவருக்கு ஜனவரி 1 என்று பிறந்த தேதி போடுவது வழக்கம். அது காலியும் இல்லை, செல்லாததும் இல்லை. விதிக்கு உட்பட்ட பொய்யை விதி பிடிக்காது. ஒரே தேதி வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.