மார்ச் பில், ஏப்ரல் பணம்: வரி எந்த ஆண்டில்?

மதுரையில் தனியாகத் தொழில் நடத்தும் ஓர் ஆர்க்கிடெக்டை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 20-இல் ஒரு வீட்டுத் திட்டத்தை முடித்து 2 லட்ச ரூபாய்க்கு பில் கொடுக்கிறார். பணம் ஏப்ரல் கடைசியில் வருகிறது. இந்த 2 லட்சம் 2024-25 நிதியாண்டின் வருமானமா, 2025-26-இன் வருமானமா?

இரண்டுமே சரியாக இருக்கலாம். பணம் கைக்கு வரும்போது வரவு, கையைவிட்டுப் போகும்போது செலவு என்று எழுதினால் அது ரொக்க முறை. வேலை முடிந்து பணம் கேட்கும் உரிமை வந்ததுமே வரவு வைத்து, கொடுக்கவேண்டிய பாக்கியையும் அப்போதே செலவாக எழுதினால் அது மெர்க்கன்டைல் முறை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு, தொழில் செய்பவர் தொடர்ந்து பின்பற்றும் முறையை ஏற்றுக்கொள்கிறது.

நம் ஆர்க்கிடெக்ட் செலவு போக 2024-25-இல் 12 லட்சமும் 2025-26-இல் 9 லட்சமும் சம்பாதிக்கிறார். ஆண்டு தாண்டியது அந்த ஒரே பில்தான் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் இருக்கிறார். மெர்க்கன்டைல் முறைப்படி முதல் ஆண்டின் 12 லட்சத்துக்குச் செஸ் சேர்த்து வரி 83,200 ரூபாய். அடுத்த ஆண்டு முதல் 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆகிவிட்டதால் 9 லட்சத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ரொக்க முறையில் முதல் ஆண்டு வருமானம் 10 லட்சமாகக் குறைந்து வரி 52,000 ஆகிறது. அடுத்த ஆண்டின் 11 லட்சத்துக்கு வரியே இல்லை. இரண்டு ஆண்டு வருமானம் எப்படிப் பார்த்தாலும் 21 லட்சம்தான்; ஆனால் 31,200 ரூபாய் மிச்சம்.

இதைப் பார்த்து ரொக்க முறைதான் லாபம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2025-26-இல் அவர் 9 லட்சத்துக்குப் பதில் 12 லட்சம் சம்பாதித்திருந்தால்? தள்ளிவந்த 2 லட்சம் சேர்ந்து 14 லட்சமாகி, அந்த ஆண்டுக்கு மட்டும் 93,600 ரூபாய் வரி வரும். முதல் ஆண்டின் 52,000-ஐக் கூட்டினால் 1,45,600. மெர்க்கன்டைல் முறையிலோ மொத்தமே 83,200தான். அதே பில் இப்போது 62,400 ரூபாய் நஷ்டம் வைக்கிறது.

ஆக, முறை மாறினால் மாறுவது வருமானம் விழும் ஆண்டு. ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு பாக்கி நிற்கும் தொழிலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வருமானம் ஏறி இறங்கும்போதோ வரி விகிதம் மாறும்போதோதான் அது கண்ணில் படும்.

பணம் வராமலே போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ரொக்க முறைக்காரர் வராத பணத்துக்கு வரி கட்டியிருக்க மாட்டார். மெர்க்கன்டைல்காரர் முன்பே கட்டியிருப்பார். அதை வாராக் கடன் என்று கணக்கில் தள்ளி எழுதிய ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் சிறு தொழில்காரருக்கு ரொக்க முறையே பாதுகாப்பு என்பது என் கருத்து. ஆனால் அட்வான்ஸில் இது தலைகீழாகும். ஜூனில் தொடங்கவிருக்கும் வேலைக்கு மார்ச்சில் வாங்கிய ஒரு லட்சம், ரொக்க முறையில் மார்ச் வருமானம்தான்.

நடைமுறையில் சிக்கல் கிளம்புவது டிடிஎஸ்ஸில். பில்லைக் கணக்கில் ஏற்றும் நாள், பணம் கொடுக்கும் நாள் இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே ஒரு நிறுவனம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நம் ஆர்க்கிடெக்டின் வாடிக்கையாளர் நிறுவனமாக இருந்து, மார்ச்சிலேயே 10 சதவீதமான 20,000 ரூபாயைப் பிடித்தால், 26ஏஎஸ் படிவத்தில் 2 லட்சமும் 2024-25 கணக்கில் தெரியும். அவருடைய ரிட்டர்னில் அந்த வரவு இருக்காது. வருமானத்தைக் காட்டாமல் 20,000-ஐ மட்டும் கழித்துக்கொண்டால் நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. வருமானம் எந்த ஆண்டில் காட்டப்படுகிறதோ அந்த ஆண்டில்தான் டிடிஎஸ் வரவும் கிடைக்கும் என்கிறது 37பிஏ விதி. எனவே ரிட்டர்னின் டிடிஎஸ் அட்டவணையில் அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த பில், எப்போது பிடித்தார்கள், எப்போது பணம் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது.

வரவுக்கு ரொக்க முறை, செலவுக்கு மெர்க்கன்டைல் முறை என்று கலக்க முடியாது. 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. வரிக்கு ஏற்றபடி ஆண்டுக்கொரு முறை தாவினால், அதிகாரி கணக்கையே தள்ளிவிட்டுத் தன் மதிப்பீட்டின்படி வரி போடலாம். நியாயமான காரணத்தோடு ஒருமுறை மாற்றித் தொடர்ந்து பின்பற்றலாம். மெர்க்கன்டைலிலிருந்து ரொக்கத்துக்கு வருபவர், மாறும் நாளில் நிற்கும் பாக்கிகளைப் பெயர்வாரியாகப் பட்டியல் போட்டு வைக்க வேண்டும். ஏற்கெனவே வரி கட்டிய அந்தத் தொகைகள் கைக்கு வரும்போது, தெரியாமல் மறுபடியும் வருமானத்தில் சேர்ந்துவிடக் கூடும்.